ஜன்னல் நிறத்துக்கு ஓர் இடம்

தேயிலை மலையூரான பிரிஞ்சாங்கில் திலகாவும் ஃபௌசியாவும் சேர்ந்து நடத்தும் சின்னக் கடையில் தேயிலை, ஜாம், தேன், ஊறுகாய் என்று முப்பத்தாறு சாமான்கள். பள்ளி விடுமுறைக்குள் எல்லாவற்றையும் படத்தோடு இணையத்தில் ஏற்றியாக வேண்டும். எழுதிக் கேட்டால் படம் போட்டுத் தரும் செயலியின் முன் திலகா காலையிலேயே உட்கார்ந்தாள். மத்தியானம் வரைக்கும் ஐந்துதான் தேறின. ஒவ்வொரு தடவையும் புதிதாக எழுதியதில் ஒன்றில் பளிங்கு மேசை, ஒன்றில் கடற்கரை வெயில், ஒன்றில் ஜாம் போத்தல் அண்டா அளவு.

"அஞ்சும் அஞ்சு கடை மாதிரி இருக்குலா," என்றாள் ஃபௌசியா. "மாறாததை ஒரே தடவை எழுதி வச்சிரு. மாறுறதுக்கு மட்டும் எடம் விடு."

அப்படியே செய்தார்கள். சதுரப் படம், நேரெதிரே பார்க்கும் கோணம், இடப்பக்கக் காலை வெளிச்சம், எழுத்து எதுவும் வேண்டாம்: இவை நிலையான வரிகள். [பொருள்], [பக்கத்தில் இருப்பது] என்ற இரண்டு இடங்களை மட்டும் பட்டியலைப் பார்த்து நிரப்பினால் போதும். போத்தல் உருமாறாமலிருக்க அதன் நிஜப் படத்தையும் இணைத்தார்கள். எழுத்தைச் செயலி கோணலாக்கிவிடும் என்பதால் லேபிளைப் பிறகு தாங்களே பதித்துக்கொள்வதாக முடிவு.

பின்னணிக்கு என்ன எழுதுவது? திலகா யோசிக்கவே இல்லை. தான் வளர்ந்த, இடித்துப் பதினைந்து வருடமான எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீட்டு அடுப்படியை எழுதினாள். நீலப் பலகை ஜன்னல், வெளியே பனிமூட்டத்தில் தேயிலைச் சரிவு.

"பச்சை ஜன்னல்டி," என்றாள் ஃபௌசியா.

"எங்க வீடு எனக்குத் தெரியாதா?"

"எங்க அத்தா வேன்ல சாமான் போட வர்றப்பல்லாம் நானும் வந்திருக்கேன். பச்சைதான்."

சண்டை வேண்டாமென்று [ஜன்னல் நிறம்] என்று மூன்றாவதாக ஓர் இடம் விட்டார்கள். நீலத்தைப் போட்டதும் திலகா திரையருகே குனிந்தாள். கொழுந்தெடுத்துத் திரும்பிய அம்மா ஈரத் தலைத்துணியை அந்த ஜன்னலில்தான் காயப்போடுவாள். பிறகு பச்சையைப் போட்டார்கள். மற்றதெல்லாம் அதே, நிறம் மட்டும் வேறு. அது யாரோ வீட்டு ஜன்னலாக இருந்தது.

"எந்த வருஷம் பார்த்தே?"

"நீ ஈப்போவுக்கு வேலைக்குப் போன பிறகு. தீபாவளிக்கு எஸ்டேட்ல எல்லா லயத்து ஜன்னலுக்கும் பச்சை அடிச்சாங்களே."

திலகாவுக்கு அது தெரியாது. ஈப்போவுக்குப் போனதிலிருந்து லயத்தை இடிக்கும்வரை நான்கு வருடமும் அவள் அம்மாவைத் தன்னிடம் வரவழைத்துப் பார்த்தாளே தவிர, வீட்டுக்குப் போகவில்லை.

தேயிலைக்கு நீலம், மற்றவற்றுக்குப் பச்சை என்று பிரித்துக்கொண்டு வரிசையாக நிரப்பினார்கள். கடைவீதியில் விளக்கு எரியத் தொடங்கும்போது முப்பத்தாறும் முடிந்திருந்தன. எல்லாம் ஒரே கடையின் படங்கள். ஃபௌசியா கதவைச் சாத்த எழுந்தாள். திலகா இன்னும் பச்சை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உட்காரு ஃபௌசியா. அப்பல்லாம் அங்க போனா அம்மா உனக்கு என்ன குடுப்பாங்க? என்ன பேசுவாங்க?"

ஃபௌசியா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"முதல்ல உன்னைப் பத்திதான் கேப்பாங்க," என்று ஆரம்பித்தாள்.