கலைத்துப் போட்ட சர்வீஸ்

"வீடு வேற, கோர்ட் வேற. ரெண்டையும் கலந்தா ரெண்டும் கெட்டுப் போயிடும்" என்று கல்யாணமான புதிதில் கணவர் சொன்னார்.

"அப்ப கோர்ட்ல நான் யாரு?" என்று அவள் கேட்டாள்.

"இன்னொரு கோச்."

"வீட்ல?"

"இது என்ன கேள்வி? வீட்ல நீதான் எல்லாம்."

பதில் இனிப்பாகத்தான் இருந்தது. அதனால் கேட்க வந்ததை அவள் அப்படியே விழுங்கிவிட்டாள். கேட்க வந்தது ரொம்பச் சின்ன விஷயம். ஷட்டில் ஆடப் போன இடத்தில்தான் இருவரும் சந்தித்தார்கள். அதுவும் நெட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக, எதிராளிகளாக. ஒரே பக்கம் நின்று கலப்பு இரட்டையர் ஆட வேண்டும் என்பது அவள் ஆசை. கிளப்பில் வருஷா வருஷம் அந்தப் போட்டி நடக்கும். வருஷா வருஷம் அவர் நடுவரின் உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, மீசையை முறுக்கிக்கொண்டு பாயிண்ட் சொல்வார். அவள் யாராவது ஒரு பல் டாக்டரோடோ, வங்கி மேனேஜரோடோ ஆடிவிட்டு, சாயங்காலம் அவரோடு வீட்டுக்கு வந்து துவையல் அரைப்பாள்.

இந்த வருஷம் அந்த ஆசைக்கு ஒரு வழி பிறந்தது. பிறக்க வைத்தவள் நாத்தனார்.

நாத்தனாருக்கு நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை அவள் வேலை பார்க்கும் அதே அலுவலகத்தில் அடுத்த பிரிவு. வரப்போகும் அலுவலக விளையாட்டு விழாவில், அண்ணன் கோச், அண்ணியும் கோச், ஆகவே ஷட்டில் தன் ரத்தத்திலேயே ஓடுகிறது என்று ஊரைக் கூட்டிச் சொல்லி, கலப்பு இரட்டையருக்குத் தன் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சேர்த்தே கொடுத்துவிட்டாள். ரத்தத்தில் என்ன ஓடியதோ, கையில் ராக்கெட் பிடித்தால் தோசைக்கரண்டி பிடித்த மாதிரிதான் இருந்தது. மாப்பிள்ளையும் அதே ரகம்.

"அண்ணி, மானத்தைக் காப்பாத்துங்க" என்று மாப்பிள்ளையோடு அவள் வந்து நின்றபோது, அண்ணன் குறுக்கே விழுந்தார். சர்வீஸ் தெரியாமல் ஆட்டமே கிடையாது, மூன்று சர்வீஸைப் பழக்கிவிட்டால் போதும் என்றார். நெட்டை உரசுகிற மாதிரி தாண்டி முன்கோட்டுக்கு அருகே விழும் ஷார்ட். உயரே போய்ப் பின்கோட்டில் இறங்கும் ஹை. ஷார்ட் மாதிரியே நின்று, கடைசி நொடியில் மணிக்கட்டைச் சொடுக்கி எதிராளியின் தலைக்கு மேல் அனுப்பும் ஃப்ளிக். இன்றைக்கு ஷார்ட் என்றால் பூரா ஷார்ட், நாளைக்கு ஹை என்றால் பூரா ஹை. கை தானாகப் பழகிவிடும் என்பது அவர் கட்சி.

அண்ணியோ அப்போதுதான் கோச்சுகளுக்கான ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு, புதுச் சட்டை போட்ட குழந்தை மாதிரி துள்ளிக்கொண்டிருந்தாள். ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்தால் அந்த நேரத்தில் அழகாக வரும், ஆனால் அது தங்காது என்றாள். முதல் அடிக்குத்தான் மூளை யோசிக்கிறது. மற்றவை முந்தைய அடியின் நகல். மூன்றையும் மாற்றி மாற்றிக் கலைத்துப் போட்டால் ஒவ்வொரு தடவையும் புதிதாக யோசித்தாக வேண்டும். அப்போது தடுமாறும், பின்னால் நிற்கும்.

"தடுமாறுறதுக்கு எதுக்குக்கா கோச்சு? அதை நாங்களே செஞ்சுக்குவோம்" என்றார் மாப்பிள்ளை. நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம் நீளம்.

பேச்சு வளர்ந்து பந்தயமானது. நாத்தனாரை அவள் பழக்க வேண்டும், மாப்பிள்ளையை அவர். அலுவலக விழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சோதனை. தோற்றவர் ஜெயித்தவர் கேட்பதைச் செய்ய வேண்டும்.

"என்ன கேப்ப? இப்பவே சொல்லிடு" என்றார் கணவர்.

"ஜெயிச்சப்புறம் சொல்றேன்" என்றாள். மனதுக்குள் அந்த உயரமான நாற்காலி காலியாக இருந்தது.

முதல் வாரமே அவள் வண்டி குடைசாய்ந்தது. படித்துவிட்டு வந்த உற்சாகத்தில், முதல் நாளிலிருந்தே ஷார்ட், ஃப்ளிக், ஹை, மறுபடி ஷார்ட் என்று கலைத்துப் போட்டுக்கொடுத்தாள். நாத்தனாருக்கு ராக்கெட்டை எப்படிப் பிடிப்பது என்பதே பிடிபடவில்லை. ஷார்ட்டுக்குக் கட்டை விரலை எங்கே வைப்பது என்று கண்டுபிடிப்பதற்குள் ஹை வந்து நின்றது. அதற்குக் காலை மாற்றுவதற்குள் ஃப்ளிக். ஷட்டில் அவள் காலடியிலும், பக்கத்துக் கோர்ட்டிலும், ஒரு தடவை தண்ணீர்ப் பானைக்குள்ளும் விழுந்தது. அடுத்த கோர்ட்டில் மாப்பிள்ளை குறிக்காகத் தரையில் விரித்த துண்டின் மேல் வரிசையாக ஷட்டிலை இறக்கிக்கொண்டிருந்தார். பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சி. கணவர் மீசைக்கு அடியில் சிரித்ததோடு சரி.

"அண்ணி, எனக்கு வராது. அண்ணன்கிட்டயே போயிடவா?" என்றாள் நாத்தனார். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அண்ணிக்கு அதே யோசனை. தோற்றுவிடுவோம் என்ற கவலை ஒரு பக்கம். தன்னால் ஒரு பெண் ராக்கெட்டைத் தூக்கிப் போடப் பார்க்கிறாளே என்பது மறுபக்கம். குழம்பு தாளிக்கும்போதுதான் பொறி தட்டியது. சீட்டைக் கலைக்க வேண்டுமென்றால் முதலில் கையில் சீட்டு இருக்க வேண்டும். இந்தப் பெண்ணின் கையில் இன்னும் ஒரு சர்வீஸ்கூட உருவாகவில்லை. திரும்ப யோசித்து எடுக்க உள்ளே எதுவும் இல்லாதபோது, கலைத்துப் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும். வகுப்பிலேயே இதைச் சொன்னார்கள். இவள்தான் தனக்குப் பிடித்த பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

மறுநாள் கூச்சப்படாமல் கணவர் வழிக்கே போனாள். பூரா ஷார்ட். விரல் எங்கே, முழங்கை எங்கே, ஷட்டிலை எந்த உயரத்தில் பிடிப்பது என்று ஒன்றையே பழக்கினாள். பிறகு ஹை. பிறகு ஃப்ளிக்.

"பாடத்தை மாத்திட்டியே" என்றார் கணவர்.

"உங்ககிட்ட திருடிட்டேன். வழக்குப் போடுங்க."

அவர் கண்ணில் மாப்பிள்ளைக்கு ஏற்கனவே வெற்றி மாலை விழுந்தாகிவிட்டது. ஆனால் அவள் வேறொன்றுக்காகக் காத்திருந்தாள். ஒரு சாயங்காலம் ஷார்ட் நெட்டில் மோதியதும், அண்ணியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "மணிக்கட்டை மடக்கிட்டேன்" என்று நாத்தனார் தனக்குத்தானே முணுமுணுத்தாள். வடிவம் உள்ளே இறங்கிவிட்டது. அந்த நிமிஷமே அண்ணி பயிற்சியை மாற்றினாள். முதலில் ஒவ்வொன்றிலும் மூன்று மூன்றாக. அது பழகியதும் என்ன வரும் என்றே தெரியாதபடி கலைத்து.

எதிர்பார்த்தபடியே நாத்தனாரின் அடி மறுபடி சரிந்தது. பாதிக்குப் பாதி துண்டுக்கு வெளியே. மாப்பிள்ளை தன் துண்டைக் காட்டி, "இது துண்டா, பூந்தோட்டமா?" என்று சீண்டினார். நாத்தனார் பல்லைக் கடித்தாள். "முதல் வாரம் மாதிரியே இருக்கே அண்ணி" என்றாள்.

"இல்ல. அப்ப ஏன் தப்பாச்சுன்னு உனக்குத் தெரியல. இப்ப தெரியுது. அது போதும்."

சொல்லிவிட்டாளே தவிர, அன்றிரவு வகுப்புக் குறிப்புகளை மறுபடி எடுத்துப் புரட்டினாள்.

சோதனைக்கு முன்னால் அலுவலகம் நாத்தனாரையும் மாப்பிள்ளையையும் ஏதோ பயிற்சி என்று வெளியூருக்கு அனுப்பிவிட்டது. ஒரு வாரம் போல ராக்கெட்டைத் தொடவே வழியில்லை. கணவர் சலித்துக்கொண்டார். அவளுக்கோ உள்ளூரச் சந்தோஷம். பயிற்சி நேரத்து அழகு கரைந்த பிறகு என்ன மிஞ்சுகிறதோ அதுதான் கற்றது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுமுன் நால்வரும் கூடினார்கள். கணவர் தன் நாற்காலியில் ஏறினார். எந்த சர்வீஸ் என்று அவர் வாய்க்கு வந்தபடி சொல்வார், அதைப் போட வேண்டும். ஆட்டத்தில் எதிராளி நிற்கும் இடத்தைப் பார்த்துத்தானே போடுகிறோம், வரிசை வைத்தா போடுகிறோம் என்று அவளே கேட்டிருந்தாள். அது நியாயம் என்று அவரும் ஒத்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை முதலில். "ஷார்ட்" என்றார் கணவர்.

"மச்சான், ரெண்டு தடவை போட்டுப் பாத்துக்கட்டுமா? கை சூடாகணும்."

"ஆட்டத்துல குடுப்பாங்களா?"

ஷட்டில் நெட்டில் போய் ஒட்டிக்கொண்டது. "ஹை" என்றதும் கோர்ட்டின் நடுவிலேயே இறங்கியது. ஃப்ளிக் கிட்டத்தட்ட ஹை மாதிரி வானத்துக்குப் போனது. ஒவ்வொன்றும் வேறாக வர வர, ஒவ்வொன்றும் முதல் தடவையாகவே ஆனது. பாவம், அவருக்கு முதல் தடவை எப்போதும் பழகவில்லை. இரண்டாவதிலிருந்துதான் பழக்கம்.

"மச்சான், ஷார்ட்டையே தொடர்ந்து கேளுங்க. அப்ப பாருங்க" என்றார் அவர். கணவர் கேட்டார். மூன்றாவதிலேயே ஷட்டில் துண்டில் இறங்கியது, நான்காவதும் அதே இடம். மாப்பிள்ளை பெருமையோடு நிமிர்ந்தார். கணவர் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியைத் தடவியபடி அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாத்தனார் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு மூச்சு இழுத்துவிட்டுப் போட்டாள். ஷார்ட் சற்று உயரம், ஆனால் உள்ளே. ஹை பின்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால். ஃப்ளிக் ஒன்று வெளியே போனது, அடுத்தது கச்சிதம். அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்டது கேட்டபடி வந்தது. முடித்ததும் அவள் மாப்பிள்ளையின் துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொண்டு, "பூந்தோட்டத்துல தண்ணி கம்மி" என்றாள். அவர் வாய் அதிசயமாக மூடிக்கொண்டது. பிறகு, "எனக்கும் கலைச்சுப் போட்டுக் குடுங்கக்கா, ஒரு வாரம் இருக்கே" என்று அண்ணி பக்கம் வந்து நின்றார். உனக்கு வடிவம் நன்றாகவே இருக்கிறது, உன் மச்சான் புண்ணியம், இனி கலைத்தால் போதும் என்று அவள் சொன்னாள். ஜோடி பழச்சாறு வாங்கப் போனது.

கணவர் இறங்கவில்லை. மேலிருந்தே பேசினார்.

"இத்தனை வருஷம் பசங்க துண்டு நிறையப் போட்டா, கத்துக்கிட்டாங்கன்னு நினைச்சேன்."

"துண்டு பொய் சொல்லலை. அந்த நேரத்தைத்தான் சொல்லுது."

"சரி. நீ ஜெயிச்சே. கேளு."

அவள் தரையில் கிடந்த ஷட்டில்களைப் பொறுக்கத் தொடங்கினாள். கேட்க வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் கை நின்றுவிட்டது.

"ஜெயிக்கலைங்க" என்றாள். "முதல் வாரம் என் வழியில போயி அவளை அழ வச்சேன். உங்க வழியில ஆரம்பிச்சதாலதான் கலைச்சுப் போட ஏதோ இருந்துச்சு. பாதி உங்களுது. பந்தயம் செல்லாது."

"அப்ப கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லையா?"

அவர் கொஞ்சம் ஏமாந்த மாதிரி கேட்டார். அந்த ஏமாற்றம்தான் அவளுக்குத் துணிச்சல் கொடுத்தது. பொறுக்கிய ஷட்டில்களை மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலிக்குக் கீழே வந்து நின்றாள். அண்ணாந்து பார்க்கக் கழுத்து வலித்தது. வருஷக்கணக்காக வலித்த கழுத்து.

"இருக்கு. பந்தயத்துக்காக இல்ல, சும்மாவே கேக்கறேன். கல்யாணமான புதுசுலயே கேக்க வந்தேன், நீங்க வீடு வேற கோர்ட் வேறன்னுட்டீங்க." ஒரு ஷட்டிலை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். "அந்த நாற்காலியை விட்டு இறங்கி வாங்க. இந்த வருஷம் கலப்பு இரட்டையர்ல என் பக்கத்துல நின்னு ஆடுவீங்களா?"