லைசென்ஸுக்கு ஆறாவது காரணம்

என்னோடு வேலை பார்த்த வைத்திலிங்கத்தின் காரியம் முடிந்த மறுநாள், அவன் மூன்று வருடமாகக் கேட்டுச் சலித்த லைசென்ஸுக்கு நான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். துக்கம் தாங்காமல் எழுதினேன் என்று சொன்னால் பொய். அழுகை வரும் வரும் என்று நானும் பார்க்கிறேன், வரவே இல்லை. விடிந்ததும் ஓடிவந்து அவன் வேலையையும் சேர்த்துச் செய்கிறவனுக்கு அழ எங்கே நேரம்?

எங்கள் மருத்துவமனையில் தினமும் காலை ஒன்பது மணிக்குள் எல்லா அதிகாரிகளுக்கும் ஒரு ரிப்போர்ட் போயாக வேண்டும். எத்தனை படுக்கை நிரம்பியது, லேபில் எத்தனை டெஸ்ட், பில்லிங் எவ்வளவு என்று நான்கு இடத்திலிருந்து நான்கு எக்ஸல் ஃபைல் வரும். அதையெல்லாம் ஒட்டிச் சேர்ப்பது வைத்தியும் நானும். வீட்டுக்குப் போய்விட்ட நோயாளி பில்லிங்கில் இன்னும் படுத்திருப்பார். அவரைத் தேடி எடுத்துச் சரிசெய்வதற்குள் ரிப்போர்ட் எங்கே என்று போன் வந்துவிடும்.

வைத்தி கெட்டிக்காரன். ஒரு சாஃப்ட்வேர் டூலின் இலவசப் பதிப்பில், எல்லா எண்ணையும் ஒரே திரையில் காட்டும் டாஷ்போர்டைத் தன் கம்ப்யூட்டரிலேயே செய்து முடித்துவிட்டான். ஃபைல்கள் தானாகச் சேரும், படம் தானாக மாறும். ஆனால் அது அவன் திரையில் மட்டும்தான். மற்றவர்கள் அவரவர் திரையில் பார்க்க ஆளுக்கொரு லைசென்ஸ் வேண்டும், வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். அதுவரை அவர்களுக்குப் பழையபடி கையால் ஒட்டிய ரிப்போர்ட்தான். அவன் கேட்டபோதெல்லாம் கிடைத்த பதில், "பட்ஜெட் இல்ல."

நான் ஐந்து காரணம் எழுதினேன். நேரம் மிச்சம், தவறு குறையும், எல்லாரும் ஒரே எண்ணைப் பார்க்கலாம், படுக்கை காலியானது உடனே தெரியும், ஆள் லீவு போட்டாலும் ரிப்போர்ட் நிற்காது. ஐந்தும் வைத்தி வாய் ஓயாமல் சொன்னவைதான். அதை எடுத்துக்கொண்டு எங்கள் துறைத் தலைவர் ஹேமலதா மேடத்திடம் போனேன்.

மேடம் பொறுமையாகப் படித்தார். "எல்லாம் சரிதான் அருள்முருகன். ஆனா வருஷத்து நடுவுல புதுச் செலவுன்னா, எங்க மிச்சம் புடிக்கிறோம்னு காட்டணும். ஃபைனான்ஸ்ல மொதல்ல அதத்தான் கேப்பாங்க."

"மிச்சம் எங்க இருக்கு மேடம்?"

அவர் மேஜையைப் பார்த்தபடி சொன்னார். "வைத்திலிங்கம் எடம் காலியாத்தான இருக்கு. இனிமே அதுக்கு ஆள் எடுக்கலன்னு ஒரு வரி போடுங்க. ஆறாவது காரணமா."

செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பார்கள். இவன் கொடுக்கவில்லை, எடுத்துக்கொள்கிறோம்.

"அந்த எடத்த மாலாவுக்குத் தரேன்னு எம்.டி. சொன்னாரே மேடம்." மாலா வைத்தியின் மனைவி, பி.காம். படித்தவள். அவர்கள் ஊரான கனகசெட்டிக்குளத்தில் பிணத்தைக் கிடத்தியிருந்த பந்தலில், இரண்டு பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றவளிடம் நிர்வாக இயக்குநரே சொன்னது என் காதிலும் விழுந்தது.

"சாவு வீட்ல சொன்னது. எழுதியா குடுத்தாரு?" மேடத்தின் குரலில் கோபம் இல்லை, களைப்புதான். "டூலா, ஆளான்னு நீங்களே பாருங்க. ஆள் வந்தாலும் பழகறதுக்கு ஆறு மாசமாவும். அதுவரைக்கும் நீங்க ஒருத்தரே ஓட்டணும். முடியுமா?"

முடியாது. எனக்கு நன்றாகத் தெரியும். என் மேஜைக்கு வந்து அந்த ஒரு வரியைத் தட்டினேன். 'காலியாக உள்ள பணியிடம் நிரப்பப்படாது; அச்சம்பளத்தில் ஏற்படும் மிச்சம் லைசென்ஸ் செலவை ஈடுகட்டும்.' ஏதாவது உறுத்தும் என்று விரலை எடுக்காமல் காத்திருந்தேன். பசித்தது, அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மூன்று வருடம் நகராத ஃபைல் ஒரே வாரத்தில் அனுமதியோடு வந்துவிட்டது. இப்போது வைத்தி செய்த டாஷ்போர்டு எல்லார் திரையிலும் ஓடுகிறது. நான் ஒன்பது மணிக்கு வருகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். அதுதான் எனக்கே பிடிக்கவில்லை.

நேற்று மாலா பி.எஃப். ஃபாரத்தில் கையெழுத்துப் போட வந்தவள், என்னைப் பார்க்க மாடிக்கு வந்தாள். என் திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இது அவரு வூட்ல காட்டுவாரே, அதுவாண்ணே? லைசென்ஸ் வந்துட்டுதா?"

"வந்துட்டுதும்மா."

அவள் முகம் மலர்ந்தது. கண்ணும் நிறைந்தது. "ராத்திரி சோறு திங்கும்போதுகூட இதே பேச்சுதாண்ணே. நீங்களாச்சும் போராடி வாங்கிக் குடுத்தீங்களே, நல்லாயிருப்பீங்க." கைகூப்பினாள். "அப்டியே எம் வேல விஷயத்தயும் மேடத்துகிட்ட ஒரு வார்த்த கேளுங்கண்ணே. இல்லன்னா அத்தையோட பெரிய மார்க்கெட்டுக்கு மீன் விக்கத்தான் போவணும். நீங்க சொன்னா கேப்பாங்க."

"கேக்கறேம்மா" என்றேன்.