தூபாவின் பிள்ளைக்கு எடுத்த தேன்

எங்கள் நன்னிம்மாவுக்குப் பேத்தி என்றால் அது என் சித்தி மகள் தூபாதான். அவள் கர்ப்பமாக இருந்தபோது குமட்டலுக்குத் தினமும் இஞ்சி தட்டிக் கொடுத்தார். நான் மூன்று நாளாக இருமிக்கொண்டிருந்தேன், ஏனென்று கேட்க ஆளில்லை.

நான் பார்மசி படிக்கிறேன். நன்னிம்மாவின் வைத்தியமெல்லாம் வெறும் கதை என்று காட்டவே ஆய்வுக் கட்டுரைகளைத் தேடினேன். குமட்டலுக்கு இஞ்சி, இருமலுக்குத் தேன், இரண்டுக்கும் ஆதாரம் இருந்தது. எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குக் கீழேதான் பார்த்தேன்: ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. அரிதாக அதிலிருக்கும் கிருமி குழந்தையின் தசைகளை முடக்கிவிடும்.

ஞாயிறன்று மயிலாப்பூர் வீட்டில் தூபாவின் ஏழு மாதக் குழந்தை இருமியது. நன்னிம்மா தேன் கரண்டியோடு வந்தார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"குடுக்காதீங்க நன்னிம்மா! ஒரு வயசு ஆவுற வரைக்கும் தேனே ஆகாது!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

நன்னிம்மா கரண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "பெரியவங்களுக்கு?"

"ஆவும்."

"அப்போ நீ வாயைத் தொற. வீணா போவுதுல்ல."

விழுங்கினேன். தேன் இறங்கிவிட்டது, அந்த 'வீணா' மட்டும் தொண்டையிலேயே நின்றது.