மாதிரி விடை: கிணறு இரண்டு

பரீட்சைக்குப் புத்தகம் கொண்டுவரலாம் என்று அறிவித்தல் ஒட்டிய அன்றைக்கே வேலணைப் பயிற்சி நிலையத்தில் பாதிப் பேர் பாஸாகிவிட்டதுபோல் சிரித்துக்கொண்டு திரிந்தார்கள். சிரிக்கட்டும், வந்து தாளைப் பார்க்கட்டும் என்று ஜசிந்தா விட்டுவிட்டாள்.

அவள் அங்கே சுற்றாடல் விஞ்ஞானம் படிப்பித்தாள். படித்தவர்கள் எல்லாரும் தீவுப்பகுதிப் பள்ளிக்கூடங்களில் சம்பளமென்று சொல்ல வாய் கூசுகிற காசுக்கு வருடக்கணக்காகப் படிப்பித்துக்கொண்டிருந்த தொண்டர் ஆசிரியர்கள். இந்த டிப்ளோமாவில் சித்தியடைந்தால் நிரந்தர நியமனம். முப்பத்தைந்து வயதுக்கு மேல் நியமனமில்லை. நெடுந்தீவு அஞ்சலாவுக்கு வருகிற தையில் முப்பத்தைந்து முடிகிறது. ஆறு வருடம் தொண்டராக இருந்தவளுக்கு இந்த ஒரு தாள்தான் மிச்சம்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. சண்டையால் தெற்கோடு இணைக்கிற பாதை பூட்டி ஒரு வருடம் ஆகப்போகிறது. யாழ்ப்பாணத்தில் வெள்ளைத்தாள் தங்க விலைக்கு விற்றது. இடம்பெயர்ந்து திரிந்தவர்களிடம் புத்தகமும் இல்லை, பாடமாக்க நிம்மதியும் இல்லை. ஆகவேதான் ஜசிந்தா மேலிடத்தோடு மல்லுக்கட்டித் திறந்த புத்தகப் பரீட்சைக்கு அனுமதி வாங்கினாள். புத்தகத்தில் இருப்பதையே கேட்டால் அது கையெழுத்து வேகத்துக்கு வைக்கிற பரீட்சையாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டும் யோசிக்காமல் எழுத முடியாத கேள்வி வேண்டும். ஒரு மாதம் மண்டையைப் போட்டு உடைத்து ஐந்து கேள்வி எழுதினாள்.

அதில் முதலாவது, கிணற்றுக் கேள்வி. தீவில் மூன்று கிணறுகள். ஒவ்வொன்றின் ஆழம், கோடையில் எவ்வளவு தண்ணீர் நிற்கும், காலையில் எவ்வளவு உவர்ப்பு, நாள் முழுக்க இறைத்தபின் மாலையில் எவ்வளவு உவர்ப்பு என்று ஓர் அட்டவணை. ஊர்ச்சங்கம் ஒரு கிணற்றை ஆழமாக்க விரும்புகிறது. என்ன ஆலோசனை சொல்வீர்? பாடக்குறிப்பில் இதற்கு விதி இருந்தது: உவர்ப்புக் குறைந்த கிணற்றைத் தெரிந்து ஆழமாக்குக. அது பெருநிலத்துக்கு எழுதிய விதி. தீவில் நன்னீர் உப்புநீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. ஆழத் தோண்டினால் உப்பு மேலே வரும். காலையில் நல்ல தண்ணீராக இருக்கிற இரண்டாம் கிணறு மாலையில் இருமடங்கு உவர்ப்பது அட்டவணையில் கிடந்தது. பார்க்கிற கண் வேண்டும், அவ்வளவுதான்.

புள்ளித்திட்டத்தில் அவள் முடிவுக்கென்று ஒரு புள்ளியும் வைக்கவில்லை. அட்டவணையிலிருந்து சான்று காட்டினால் ஐந்து. குறிப்பிலுள்ள விதி இங்கே ஏன் பொருந்தும், ஏன் பொருந்தாது என்று சொன்னால் ஐந்து. எதிர்த்தரப்பு என்ன சொல்லும், அதற்கு என்ன பதில் என்றால் ஐந்து. இன்னும் எதை அளந்து பார்த்தால் முடிவு மாறும் என்றால் ஐந்து. இரண்டாம் கிணறு என்றும் எழுதலாம், ஒன்றுமே வேண்டாம் என்றும் எழுதலாம், காரணத்துக்குத்தான் புள்ளி.

கேள்வித்தாளைச் சரிபார்த்து அனுமதிக்கிற அதிகாரி பாலசிங்கம் யாழ்ப்பாணத்தில் இருந்தார். கெட்ட மனுசன் என்று அவரைச் சொல்ல முடியாது. தாளைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கேள்வி நல்லாயிருக்கு பிள்ளை. ஆனா விடை எங்கை?"

"ஒரு விடை இல்லை சேர். புள்ளித்திட்டம் பின்னாலை ரெண்டு பக்கம் இருக்கு."

"நீர் படிப்பிச்ச ஆக்களின்ரை தாளை நீரே திருத்த ஏலாது. திருத்துறவர் நெடுந்தீவைக் கண்ணாலையும் கண்டிருக்கமாட்டார். நாளைக்கு ஒருத்தன் மனுப் போட்டால் எதைக் காட்டுறது? கேள்விக்கு ஒரு முடிவு, ஒரு மாதிரி விடை. எல்லாம் ஒரு பக்கத்துக்கை. தாள் இல்லை."

ஜசிந்தா மணியைப் பார்த்தாள். கடைசி பஸ்ஸுக்கு முக்கால் மணித்தியாலம். பண்ணைப் பாலத்தடியில் இறங்கி இராணுவச் சோதனைக்கு நிற்க வேண்டும். பஸ்ஸை விட்டால் ஊரடங்குக்கு முன் ஊர்காவற்றுறை வீட்டுக்குப் போய்ச் சேர முடியாது. இன்னொரு நாள் வந்து சண்டை பிடித்திருக்கலாம். அவள் பிடிக்கவில்லை. அங்கேயே மேசையில் இருந்து, கூடுதலான பேர் எழுதக்கூடியது எதுவோ அதையே மாதிரி விடையாக எழுதினாள். முதலாவது கேள்விக்கு, குறிப்பின் விதிப்படி: கிணறு இரண்டு. ஐந்தையும் அப்படியே எழுதிக் கீழே கையெழுத்து வைத்தாள். 'உதாரணம் மாத்திரம்' என்று ஒரு வரி சேர்க்க நினைத்தாள். பக்கத்தில் இடம் இருக்கவில்லை. புள்ளித்திட்டத்தின் இரண்டு தாளையும் பாலசிங்கம் மறுபக்கத்தில் எழுதலாம் என்று எடுத்து வைத்துக்கொண்டார்.

பரீட்சையன்று, படித்தவர்களில் ஒருவனான மிரோஜன் ஓர் அரிசிச் சாக்கு நிறையப் புத்தகம் கட்டிக்கொண்டு வந்தான். முதல் அரை மணித்தியாலம் மண்டபத்தில் பக்கம் புரட்டுகிற சத்தம்தான். பிறகு அது அடங்கியது. எந்தப் பக்கத்திலும் விடை இல்லை. மிரோஜனும் இன்னும் சிலரும் குறிப்பிலிருந்த விதியை அப்படியே பார்த்து எழுதிவிட்டுப் பெருமூச்சு விட்டார்கள். அஞ்சலாவிடம் பாடக்குறிப்பு மட்டும்தான் இருந்தது. அதையும் மூடி வைத்துவிட்டு அட்டவணையில் விரலை ஓட்டி, ஓரத்தில் கழித்துப் பார்த்து, பிறகு குனிந்தவள் மணி அடிக்கும்வரை நிமிரவில்லை. ஜசிந்தாவுக்குச் சந்தோசம் பொங்கியது. தான் கேட்ட கேள்வி ஒருத்திக்காவது விளங்கியதே என்று பெருமைப்பட்டாள். மாதிரி விடைத்தாளின் நினைவு அவளுக்கு வரவேயில்லை. வந்திருக்க வேண்டும்.

முடிவு வந்தது. சித்தியடைய நாற்பது. மிரோஜனுக்கு எழுபத்தொன்று. அஞ்சலாவுக்கு முப்பத்தாறு.

தாளை மறுபடி பார்க்கச் சொல்லி அஞ்சலா மனுப் போட்டாள். ஜசிந்தா பாலசிங்கத்தின் முன்னால் போய் இருந்தாள். அவர் அஞ்சலாவின் விடைத்தாளை எடுத்துக் காட்டினார். அவள் எழுதியிருந்தது: ஒரு கிணற்றையும் ஆழமாக்கக் கூடாது. இரண்டாம் கிணற்றில் காலை உவர்ப்பை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம், மாலையில் அது இருமடங்கு. குறிப்பின் விதி பெருநிலத்துக்கு, தீவில் ஆழத் தோண்டினால் உப்பு மேலே வரும். ஆழமாக்கச் சொல்பவர்கள் கோடைத் தட்டுப்பாட்டைக் காட்டுவார்கள், அதற்கு ஆழமில்லாத இன்னொரு கிணறு தள்ளி வெட்டி இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறைக்கலாம். ஒரு வாரம் இறைக்காமல் விட்டு அளந்தால் என் முடிவு சரியா என்று தெரியும். நாலு பகுதியும் இருந்தன. ஜசிந்தாவின் புள்ளித்திட்டப்படி இருபதுக்குப் பதினெட்டுக்குக் குறையாது. ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'மாதிரி விடையுடன் பொருந்தவில்லை. 3.'

"இவ எழுதினதுதான் சரி சேர்."

பாலசிங்கம் மற்றத் தாளை அவள் பக்கம் தள்ளினார். கிணறு இரண்டு. கீழே அவளுடைய கையெழுத்து, நல்ல வடிவாக.

"அப்ப இது?"

பார்த்து எழுத முடியாத கேள்வியை ஒரு மாதம் இருந்து செய்து, முக்கால் மணித்தியாலத்தில் தானே அதைப் பார்த்து எழுதுகிற கேள்வியாக்கி விட்டிருந்தாள். விதியைக் கொப்பியடித்தவன் பாஸ். யோசித்தவள் பெயில். வெளியே வந்து நிற்கும்போது தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

சொல்ல வேண்டியதை அஞ்சலாவிடம் நேரில் சொல்வதென்று குறிகட்டுவான் படகுத்துறைக்குப் போனாள். நெடுந்தீவுப் படகுக்கு அஞ்சலா வரிசையில் நின்றாள். நேவி பைகளைக் கிளறிக்கொண்டிருந்தது.

"மிஸ், நான் எழுதினது பிழையோ?"

"இல்லை. நீர் எழுதினதுதான் சரி."

"அப்ப ஆர் பிழையெண்டது?"

"நான். மாதிரி விடையை நான்தான் எழுதிக் குடுத்தனான். பஸ்ஸுக்கு நேரம் போகுதெண்டு."

அஞ்சலா கோபப்படுவாள், அழுவாள் என்று நினைத்து ஜசிந்தா தயாராக நின்றாள். இரண்டும் நடக்கவில்லை. வரிசை நகர்ந்தது. அஞ்சலா பையைத் திறந்து சிப்பாயிடம் காட்டிவிட்டு மூடினாள்.

"அடுத்த பிரிவு ஆக்களுக்கெண்டாலும் முதலே சொல்லிவிடுங்கோ மிஸ்," என்றாள். "யோசிக்க வேண்டாம், புத்தகத்தைப் பார்த்து எழுதச் சொல்லி."