ரோகிணி சேச்சியின் எட்டு மீட்டர்

எங்கள் நெசவாளர் சங்கத்தில் கூலிப் பட்டியல் போடுவது நான். முழுக் கூலி போட்டதற்காக என்னிடம் சண்டைக்கு வந்தவள் ரோகிணி சேச்சி ஒருத்திதான்.

எல்லாம் அந்தப் பச்சைக் கட்டத் துணியால் வந்தது. வெளிநாட்டு ஆர்டர் என்பதால் உள்ளூரில் விற்கமாட்டோம். அவளுக்கோ ஞாயிற்றுக்கிழமை புதுவீடு பால்காய்ச்சல். ‘ஜன்னலுக்குப் பழைய சேலையத்தானே தொங்கவிடுவே?’ என்று நாத்தனார் கேட்டது நெஞ்சில் தைத்திருந்தது. இதே துணியில் திரை போடாவிட்டால் செத்துவிடுவாள் போலிருந்தது.

அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பு என் மேசைக்கு வந்தாள்.

“பிரதீபா, எட்டு மீட்டர் கழிவாச்சுன்னா எனக்கு எவ்வளவு போகும்?”

கழிவுத் துணிக்குக் கூலி கிடையாது. நூல் விலையைப் பிடித்துக்கொண்டு துணியை நெய்தவர் தலையிலேயே கட்டிவிடுவோம். கணக்குப் போட்டேன். ஐம்பது மீட்டர், அறுபது ரூபாய் வீதம் மூவாயிரம். எட்டு மீட்டர் கூலி நானூற்று எண்பதும், நூல் எண்ணூற்று எண்பதும், ஓணம் முன்பணத் தவணை ஐந்நூறும் போக மிச்சம் ஆயிரத்து நூற்று நாற்பது.

“போதும்டி” என்று சிரித்தாள். எனக்கு விளங்கிவிட்டது, ஆனால் வாயைத் திறக்கவில்லை.

குறுக்கே ஓடும் ஊடை நூலில் தப்பு செய்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடுவார்கள். அதனால் நீளவாக்கில் ஓடும் பாவில் இரண்டு இழையை அறுத்துக் கட்டாமலே விட்டு நெய்தாள். எட்டு மீட்டரும் நீளக் கோடு. திரையின் மடிப்பில் யாருக்கும் தெரியாது.

கூலி நாளில் பட்டியலைப் பார்த்ததும் கத்தினாள். “கழிவு பூஜ்யமா? நீ எழுத மறந்துட்டே!”

“தரம் பார்க்கிற சத்யேட்டன் தேறியதுன்னு முத்திரை குத்தியாச்சு சேச்சி. கையில ரெண்டாயிரத்து ஐந்நூறு. கையெழுத்துப் போடு.”

அவள் துணியை அவர் பிரித்தே பார்க்கவில்லை. இதுவரை ஒரு குறையும் வராத அவள் துணியை யார்தான் பிரித்துப் பார்ப்பார்கள்?

முற்றத்தில் கொச்சிக்குப் போகும் லாரி நின்றது. வாங்குபவன் அந்தக் கோட்டைக் கண்டால் மொத்தக் கட்டும் திரும்பும், எல்லோர் கூலியிலும் மண் விழும். அதை நான் சொன்னதும் அவள் முகம் வெளுத்தது. நேரே ஓடினாள்.

“சத்யேட்டா, கட்டைப் பிரியுங்க. என் துணியில குறை இருக்கு.”

“உன் துணியிலயா? வெயில்ல நின்னியா?”

“வேணும்னே செஞ்சேன்.”

ஏற்றுகிறவர்கள் வாயைப் பிளந்தார்கள். சத்யேட்டன் கட்டைப் பிரித்தார், கோட்டைப் பார்த்தார், முத்திரையைக் கோடு போட்டு அடித்துவிட்டு ‘கழிவு’ என்று எழுதினார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை திரைகள் ஜம்மென்று தொங்கின. நாத்தனார் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள், சேச்சிக்கு வாயெல்லாம் பல்.

திங்கட்கிழமை அடுத்த துணியைக் கொண்டுபோய் வைத்தாள். சத்யேட்டன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடைசி விரற்கடை வரை பிரித்துப் பார்த்தார். அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.