விபிஎன் பச்சையாகத்தான் இருந்தது

எங்கள் விடுதி ஜன்னலைத் திறந்தால் கம்ப்யூட்டர் துறைக் கட்டடம் தெரியும். அசைன்மென்ட் வாங்கிக்கொள்ளும் சர்வர் அங்கேதான் இருக்கிறது. ஆனால் விடுதி வைஃபையை யாரோ ஒரு குத்தகைக்காரரிடம் விட்டுவிட்டதால் நாங்கள் வெளியாட்கள். விபிஎன் வழியாகத்தான் கல்லூரி நெட்வொர்க்குக்குள் போக வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற பிழைப்பு.

காலை ஆறு மணிக்குக் கெடு. விடுதிக் கதவு திறப்பதோ ஆறரைக்கு. இதை முடிவு செய்த மகராசர்கள் யாரும் விடுதியில் தூங்கியதில்லை.

அன்றிரவு விபிஎன் 'இணைந்தது' என்று பச்சை காட்டியது. சர்வர் பக்கம் மட்டும் சுழன்றுகொண்டே இருந்தது. நானும் அறைத்தோழி கும்பகர்ணியும் அணைத்துப் போட்டோம், கடவுச்சொல்லை மாற்றினோம், லேப்டாப்பைத் திட்டினோம். கடைசியில் லேப்டாப்பின் நெட்வொர்க் முகவரியைப் பார்த்தேன். 10.20.30 என்று தொடங்கியது. சர்வரின் முகவரியும் அப்படித்தான் தொடங்கும்.

அன்று பகலில்தான் குத்தகைக்காரர் புது ரூட்டர் மாட்டியிருந்தார். கல்லூரி வைத்திருக்கும் அதே எண்களை விடுதிக்கும் கொடுத்துவிட்டார். சர்வரும் விடுதிக்குள்ளேயே இருப்பதாக நம்பி, லேப்டாப் அதை இங்கேயே தேடியது. விபிஎன் பாதை திறந்தே கிடந்தது, அதில் எதுவும் போகவில்லை.

போன் ஹாட்ஸ்பாட் வேறு எண் கொடுக்கும். என் போனில் டேட்டா காலி. கும்பகர்ணியின் போனில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதில் விபிஎன் போட்டதும் பக்கம் திறந்தது.

"உன்னோடது சின்ன ஃபைல். முதல்ல நீ போடு" என்றாள்.

போட்டேன். அவளுடையதில் வீடியோவும் உண்டு. பாதியில் டேட்டா தீர்ந்தது. பக்கத்து அறைகளைத் தட்டினோம், அங்கேயும் அதே பஞ்சம். கெடு தாண்டியது. இதில் பூஜ்யம் என்றால் அவளால் தேர்வு எழுத முடியாது.

கதவு திறந்ததும் பேராசிரியரிடம் ஓடினோம். கெடுவுக்கு முன் புகார் பதிவாகியிருந்தால் அவகாசம் தருவதாகச் சொன்னார். நல்ல மனிதர்தான், விதி அப்படி.

நெட்வொர்க் அலுவலர் திரையைப் பார்த்தார். "ராத்திரி முழுக்க நீங்க கனெக்ட் ஆகித்தான் இருந்திருக்கீங்க. கம்ப்ளைண்டும் எதுவும் வரலையே."

"கம்ப்ளைண்ட் பேஜும் அதே சர்வர்லதான் சார் இருக்கு. எப்படி வரும்?"

அவர், இப்போது போடுங்கள் என்று தன் கீபோர்டை நகர்த்தினார். கல்லூரி நெட்வொர்க்கில் அந்தப் பக்கம் கண் சிமிட்டும் நேரத்தில் திறந்தது. ஆத்திரத்தோடு ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பினேன். புகார் பதிவானது, கெடு முடிந்த பிறகான நேரத்தோடு.

கும்பகர்ணி அந்த நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடு. உன்னோடதாவது போய்ச் சேர்ந்துச்சே" என்றாள்.