கட்டைவிரல் நகத்துக் கறுப்பு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாருக்கும் தெரியும். மருந்தாளுநர் பாலசுந்தரம் என்றால் சீட்டை நீட்டும்போதே சிலருக்குக் கை கொஞ்சம் பின்வாங்கும். பத்தொன்பது வருஷமாக மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்று யாரையும் பார்த்ததில்லை, அது என் வேலை இல்லை என்று நினைத்திருந்தேன்.

நான் பாடாலூர்க்காரன். மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் தெரியும், முந்திரி தெரியாது. மாற்றலாகி மீன்சுருட்டிப் பக்கம் வந்த பிறகுதான் கொட்டை உடைக்கிற பெண்களின் கையைப் பார்த்தேன். வறுத்த கொட்டையை இடது கையில் நிறுத்தி, வலது கையால் கட்டையை ஓங்கி ஒரே அடி, பருப்பு முழுசாக வந்து விழும். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள், இருந்தும் உள்ளங்கை, விரல் நுனி, நகம் எல்லாம் கறுத்துப்போகும். இந்த ஊரில் கறுத்த நகத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நானும் பார்க்கவில்லை.

புவனேஸ்வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடு வீடாகப் போய் பிரஷர் பார்த்து, சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் கொடுத்துவிட்டு வருகிற தன்னார்வலர். முப்பத்தைந்து வயதிருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு எட்டு வருஷம் கொட்டகையில் கொட்டை உடைத்தவள். மாத்திரை வாங்க என் ஜன்னலுக்கு வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு கேள்வி கொண்டுவருவாள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை, நீ என்ன டாக்டரா என்று கேட்டுவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, இல்லை சார், அதனால்தான் கேட்கிறேன் என்றாள்.

சித்திரையில் ஒருநாள், டாக்டர் ஆர்த்தி முகாமுக்குப் போயிருந்த நேரம், இருசம்மாள் என்ற பெண் வந்தாள். நாற்பத்தேழு வயது, அந்தக் கொட்டகையிலேயே கை வேகமான ஆள் என்று பேர். இடது கட்டைவிரல் நகத்தைக் காட்டி, பொங்கல் கழித்து வேலைக்குப் போன முதல்நாள் கட்டை தவறி அடிபட்டது, கறுப்பு போகவே இல்லை என்றாள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்து, நகச்சொத்தை என்று ஒரு ஆயின்மெண்டை எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் வந்த பிறகு வா என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தாள். இன்னொரு டியூப் கொடுத்தேன். வரிசையில் அன்றைக்கு நாற்பது பேர். இதெல்லாம் ஒரு சாக்கா என்று நீங்கள் கேட்டால், இல்லைதான்.

வைகாசிக் கடைசியில் கொட்டகையின் வறுவல் அடுப்பும் புகைபோக்கியும் பழுதாகி வேலை நின்றது. இரண்டு மாதம் யாரும் கொட்டை உடைக்கவில்லை. அந்த நாட்களிலும் புவனேஸ்வரி வழக்கம்போல வீடு வீடாகப் போயிருக்கிறாள். எல்லாப் பெண்களின் கையிலும் பழைய தோல் உரிந்து, உள்ளங்கை வெளுத்து வருவதைப் பார்த்திருக்கிறாள். இருசம்மாளின் கட்டைவிரல் மட்டும் அப்படியே இருந்தது. பிரஷர் பட்டையைக் கையில் சுற்றும்போது அதைக் கண்டிருக்கிறாள்.

ஆடி பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிரே புவனேஸ்வரி, கூடவே மூன்று பெண்கள். இருசம்மாள், பொன்னம்மாள், அனுசுயா. சீட்டு எங்கே என்று கேட்டேன். சீட்டு அப்புறம், முதலில் கையைப் பாருங்கள் என்றாள். நான் எரிந்து விழுந்தேன். அவள் அசையவில்லை. மூன்று பேரையும் இடது கையை என் ஜன்னல் பலகை மேல் வரிசையாக வைக்கச் சொன்னாள்.

"சார், இந்த அனுசுயாவுக்கும் அதே தை மாசந்தான் அடிபட்டுச்சு. நகம் கறுத்துச்சு. இப்ப பாருங்க, கறுப்பு நகத்தோடயே வளந்து நுனிக்குப் போயிடுச்சு, வெட்டிப் போட்டாச்சு. ரத்தக்கட்டுன்னா அடியிலேர்ந்து நல்ல நகம் மொளச்சு வரணுமில்ல? ஆறு மாசமாச்சு. இருசக்காவுக்கு அடிவேர்லயே கறுப்பு நிக்குது. மொளைக்கிறதே கறுப்பாத்தான் மொளைக்குது."

எட்டு வருஷம் தன் விரலையே அடித்துக்கொண்டவளுக்குத்தான் இது தெரியும். எனக்குப் படிப்பில் இருந்தது, கண்ணில் இல்லை. குனிந்து பார்த்தேன். நகத்தின் அடியிலிருந்து நுனிவரை ஒரு பட்டை, அடியில் அகலம், நுனியில் குறுகல். நிறமும் ஒரே மாதிரி இல்லை, ஓரிடம் பழுப்பு, ஓரிடம் மைக் கறுப்பு. நகம் முடிந்து தோல் தொடங்குகிற இடத்திலும் அந்தக் கறுப்பு இறங்கியிருந்தது. எண்ணெய்க் கறை என்றால் அந்தத் தோல் இந்த ஒன்றரை மாதத்தில் உரிந்திருக்க வேண்டும்.

பொன்னம்மாளின் விரல்களிலும் மெல்லிய கோடுகள் இருந்தன, நான்கு நகத்தில். தப்பித்துக்கொள்ள எனக்கு அது போதுமாக இருந்தது. இதோ இவருக்கும் இருக்கிறதே என்றேன். புவனேஸ்வரி அதற்கும் தயாராக வந்திருந்தாள். பொன்னம்மாளுக்குப் பல வருஷமாக அப்படியே, ஒரே அகலத்தில், பல விரலில் இருக்கிறது, அதைக் காட்டத்தான் கூட்டிவந்தேன் என்றாள். இருசம்மாளுக்கு ஒரே விரலில், நடுவயதில் புதிதாக வந்து, மாதாமாதம் அகலமாகிறது. மூன்று பேரையும் நானே டாக்டர் ஆர்த்தியிடம் அனுப்பினேன்.

டாக்டர் நகத்தைப் பார்த்தார், அக்குளைத் தொட்டுப் பார்த்தார். என்னையும் உள்ளே கூப்பிட்டார். பொன்னம்மாளுடையது நம் நிறத்துக்காரர்கள் பலருக்கு வருகிற சாதாரணக் கோடு, பயமில்லை என்றார். இருசம்மாளுடையது மெலனோமாவாக இருக்கலாம், தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்லில் வருகிற புற்றுநோய், நகத்தின் வேரிலிருந்து துண்டு எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும் என்றார். திருச்சிப் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார்.

கறுத்த தோலுக்கு அந்த நோய் வராதே என்று நான் கேட்டேன். அப்படித்தான் எல்லாரும் நினைத்து விட்டுவிடுகிறார்கள் என்றார் டாக்டர். வெயிலால் வருகிற மெலனோமாவை நம் தோலின் கருமை பெரும்பாலும் தடுத்துவிடும், அதனால் முகத்திலோ முதுகிலோ நமக்கு அரிது. உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடியில் வருவதற்கு வெயில் காரணம் இல்லை. அது எந்த நிறத்தாருக்கும் அபூர்வமாக வரும். மற்ற இடங்களில் நமக்குக் குறைவு என்பதால், வந்தால் பெரும்பாலும் அங்கேதான். அங்கே யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் ரத்தக்கட்டு, கால் ஆணி, நகச்சொத்தை என்று நினைத்துவிடுகிறோம். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

அடிபட்டதால் வந்ததா என்று இருசம்மாள் கேட்டாள். அப்படிச் சொல்ல முடியாது, அடிபட்டதால் கவனித்தீர்கள் என்று சொல்லலாம் என்றார் டாக்டர். விரல் போகுமா என்று அடுத்துக் கேட்டாள். அவளுடைய சோறே அந்த விரலில் இருந்தது. டாக்டர் மழுப்பவில்லை. நுனி போகலாம், ஆளைக் காப்பாற்றத்தான் இந்த அவசரம் என்றார்.

இருசம்மாள் வெளியே வந்து, போகமாட்டேன் என்றாள். ஆவணியில் கொட்டகை திறக்கிறார்கள், வலியே இல்லாத விரலை எதற்கு வெட்டுவது என்றாள். புவனேஸ்வரி கெஞ்சவில்லை, மிரட்டவும் இல்லை.

"வலிச்சிருந்தா நீயே போன மாசம் ஓடியிருப்ப அக்கா. வலிக்காததாலதான் அது ஒன்ன ஏமாத்துது. நாளைக்கு மொத பஸ்ஸுக்கு நான் வூட்டுக்கு வரேன். பொடவய மட்டும் எடுத்து வச்சுக்க."

மறுநாள் போனார்கள். அதற்குப் பிறகு ஐந்து முறை திருச்சிக்குப் போய்வந்தார்கள், ஒவ்வொரு முறையும் புவனேஸ்வரி கூடவே. ஒரு வீட்டு மாத்திரையும் அதனால் தவறவில்லை. முந்தின நாளே கொடுத்துவிட்டுப் போவாள். இந்த மாவட்டத்தில் நான் எத்தனையோ பெரிய படிப்புக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பெண்ணைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சோதனையில் மெலனோமா என்று வந்தது. கட்டைவிரலின் மேல் மூட்டுவரை எடுத்தார்கள். அக்குளில், நோய் முதலில் போய்ச் சேரக்கூடிய நெறிக்கட்டியை எடுத்துச் சோதிக்க அனுப்பினார்கள். அந்த முடிவு வருகிற வரை பன்னிரண்டு நாள். நான் வீட்டில் யாரிடமும் எரிந்து விழவில்லை என்று என் மனைவி மேகலா பயந்துபோனாள். பதின்மூன்றாம் நாள் புவனேஸ்வரி போனில் சொன்னாள், கட்டியில் ஒன்றும் இல்லை சார், பரவவில்லை. நான் ஸ்டாக் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஐப்பசியில் இருசம்மாள் வந்தாள். தையல் பிரித்து ஆறியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருச்சியில் காட்ட வேண்டும், நெறிக்கட்டியும், கை கால் தோல் எல்லாமும் பார்ப்பார்கள் என்று புவனேஸ்வரி விளக்கினாள். கொட்டகையில் இப்போது பருப்பைத் தரம் பிரிக்கிற வேலை கொடுத்திருக்கிறார்களாம். அங்கேயும் கை வேகம் என்று புவனேஸ்வரி பெருமையாகச் சொன்னாள். இருசம்மாள் குட்டையான கட்டைவிரலை ஜன்னல் பலகை மேல் வைத்து, என்னைக் கும்பிட்டாள்.

"நீங்க குடுத்த ஆயின்மெண்டாலதான் சார் அது பரவாம நின்னுருக்கு. ரெண்டு டியூபும் ஒரு நாள் விடாம போட்டேன்."

புவனேஸ்வரி என்னைப் பார்த்தாள். உண்மையை அவளே சொல்லியிருக்கலாம். எனக்காக விட்டுவைத்தாள்.

"இல்லம்மா. அந்த மருந்து தப்பு. நான் சரியாப் பாக்காம குடுத்தேன். ஒன்னோட மூணு மாசத்த நான் வீணாக்கிட்டேன்," என்றேன். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

இருசம்மாள் பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். கோபமா, யோசனையா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

"அப்ப இதயாச்சும் சரியாப் பாருங்க சார். உள்ளங்கால எனக்குக் குனிஞ்சு பாக்க வரல."

நான் எழுந்தேன். பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக ஒரு நோயாளியைப் பார்க்கக் கதவைத் திறந்துகொண்டு ஜன்னலுக்கு முன்னால் வந்தேன். தரையில் உட்கார்ந்து, அவள் காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். புவனேஸ்வரி செல்போன் விளக்கைப் போட்டுப் பிடித்தாள். குதிகால், பாதத்தின் நடுப்பகுதி, விரல் இடுக்கு, ஒவ்வொரு நகத்தின் அடி என்று பார்த்தேன். எங்கும் கறுப்பு இல்லை. அடுத்த கால் என்றேன்.